வித்தாச்சு... காசு எங்கே? புது ஆன்லைன் விற்பனையாளர்களைத் திணறடிக்கும் 'ரோலிங் ரிசர்வ்': ஒரு கணக்கு

மொபைலில் 'ஆர்டர் கன்ஃபர்ம்டு' என்று வரிசையாக நோட்டிஃபிகேஷன் வருகிறது. பேமென்ட் கேட்வே டேஷ்போர்டைத் திறந்தால் மாத விற்பனை மூன்று லட்சம் என்று காட்டுகிறது. ஆனால் பேங்க் கணக்கில் இருப்பதோ சில ஆயிரங்கள். அந்த நேரம் பார்த்து துணி கொடுத்தவர் போன் பண்ணுகிறார்: "தம்பி, போன பில் பேலன்ஸ் எப்போ போடுறீங்க?"

சொந்தமாக வெப்சைட் தொடங்கி, இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டு, பொருள் விற்க ஆரம்பித்த பலருக்கும் முதல் சில மாதங்களில் இந்தக் காட்சி பழக்கமானதுதான். வியாபாரம் ஓடவில்லை என்பதல்ல பிரச்சினை. ஓடுகிற வியாபாரத்தின் பணம் நடுவில் எங்கோ நிற்கிறது. அது எங்கே நிற்கிறது, எவ்வளவு நாள் நிற்கும், அதுவரை கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்? இதை விற்பனை தொடங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட முடியும். பெரும்பாலானோர் போடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

பணம் இரண்டு இடத்தில் நிற்கிறது

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த 'செட்டில்மென்ட்' தாமதம். வாடிக்கையாளர் இன்று பணம் கட்டினால், கேட்வே நிறுவனம் அதை உங்கள் கணக்குக்கு அனுப்ப எடுக்கும் நாள்கள். இதை 'டி பிளஸ் 2', 'டி பிளஸ் 7' என்று சொல்வார்கள். 'டி' என்பது பணம் கட்டிய நாள். பழகிய கடைக்கு இரண்டு வேலை நாளில் வரும் பணம், புதுக் கடைக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ எடுக்கலாம்.

இரண்டாவதுதான் ரோலிங் ரிசர்வ். தினசரி விற்பனையில் ஒரு பகுதியை, உதாரணமாக 10 சதவீதத்தை, கேட்வே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும். 90 நாளோ 180 நாளோ கழித்து அதை விடுவிக்கும். இன்று பிடித்தது 91-வது நாளில் வரும். நாளை பிடிப்பது 92-வது நாளில் வரும். இப்படி ஒரு பக்கம் பிடித்து, இன்னொரு பக்கம் விட்டு, உருண்டுகொண்டே இருப்பதால்தான் அந்தப் பெயர்.

இது கட்டணம் அல்ல, அபராதமும் அல்ல. உங்கள் பணம்தான். ஆனால் பொதுவாக வட்டி எதுவும் கிடைக்காது. அதை வைத்து துணி வாங்க முடியாது, வாடகை கட்ட முடியாது.

வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கும் இதே கதைதான். பேபால், புது விற்பனையாளர்களின் பணத்தை 21 நாள் வரை நிறுத்தி வைக்கும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கைவினைப் பொருள்கள் விற்கும் எட்ஸி தளம் 2023-ல் சில கடைகளின் வருமானத்தில் 75 சதவீதத்தை 45 நாள் வரை பிடித்து வைக்கப் போக, பிரிட்டனில் சிறு விற்பனையாளர்கள் கொந்தளித்தார்கள். பிறகுதான் அந்த நிறுவனம் விதியைத் தளர்த்தியது.

ஏன் பிடிக்கிறார்கள்?

கேட்வேயின் பக்கம் நின்று ஒரு நிமிடம் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

ஒருவர் கிரெடிட் கார்டில் பணம் கட்டிப் பொருள் வாங்குகிறார். பொருள் வரவில்லை, அல்லது வந்தது வேறு. அவர் தன் பேங்கிடம் புகார் செய்கிறார். இதுதான் 'சார்ஜ்பேக்'. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இப்படிப் புகார் செய்யப் பெரும்பாலான வகைகளுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. பொருள் கிடைக்கவில்லை என்ற புகாருக்கு, அது வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே அந்தக் கெடு எண்ணப்படலாம்.

புகார் நியாயம் என்று தீர்ப்பானால் பணம் வாடிக்கையாளருக்குத் திரும்பும். யாரிடமிருந்து? முதலில் விற்பனையாளரிடமிருந்து. அவர் கடையை மூடிவிட்டு, கணக்கையும் காலி செய்துவிட்டால்? கேட்வேயும் அதன் பின்னால் இருக்கும் பேங்கும்தான் கொடுத்தாக வேண்டும்.

அதாவது, உங்களுக்கு இரண்டு நாளில் பணத்தை அனுப்பும் கேட்வே, அடுத்த நான்கு மாதத்துக்கு உங்களை நம்பிக் கடன் கொடுத்தது போலத்தான். பழைய கடை என்றால் எத்தனை பேர் பொருளைத் திருப்பினார்கள், எத்தனை புகார் வந்தது என்ற வரலாறு இருக்கிறது. புதுக் கடைக்கு அது கிடையாது. எனவே ஒரு பங்கை ஈடாக வைத்துக்கொள்கிறார்கள். 90 நாள் என்றால் புகாரில் பெரும்பகுதி வந்து முடிந்திருக்கும். 180 நாள் என்றால் ஏறக்குறைய எல்லாமே முடிந்திருக்கும்.

பணம் வாங்கும் நாளுக்கும் பொருளோ சேவையோ கொடுக்கும் நாளுக்கும் இடைவெளி கூடக் கூட இந்த பயமும் கூடும். அதனால்தான் டிராவல் பேக்கேஜ், நிகழ்ச்சி டிக்கெட், ஆறு மாத ஆன்லைன் கோர்ஸ், 'ப்ரீ-ஆர்டர்' வியாபாரங்களில் பிடித்தம் கடுமையாக இருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதிலிருந்து தப்பியதில்லை. 2008 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபிரான்டியர் ஏர்லைன்ஸ் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதன் கார்டு பணத்தைக் கையாண்ட ஃபர்ஸ்ட் டேட்டா நிறுவனம், டிக்கெட் விற்பனைப் பணத்தில் பிடித்து வைக்கும் பங்கைப் பெரிதாக உயர்த்தப் போவதாகச் சொன்னதுதான் உடனடிக் காரணம். விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது, டிக்கெட் விற்றுக்கொண்டுதான் இருந்தது. கையில் வரும் ரொக்கம் நிற்கப் போகிறது என்றதும் கம்பெனிக்கு வேறு வழியில்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு கணக்கு

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஈரோட்டில் ஒருவர் காட்டன் குர்தி விற்கும் வெப்சைட் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் விற்பனை 10,000 ரூபாய். எல்லாமே ஆன்லைன் பேமென்ட். இந்தப் பத்தாயிரத்தில் துணி, தையல் உள்பட சரக்கின் அடக்க விலை 5,800. பேக்கிங், கூரியர் 1,000. விளம்பரம் 1,500. கேட்வே கட்டணம் வரியோடு சேர்த்து 240. ரிட்டர்ன், சில்லறைச் செலவு 460. மொத்தம் 9,000. மீதி 1,000 ரூபாய் லாபம். அதாவது 10 சதவீதம்.

கேட்வே இவருக்குக் கொடுத்த நிபந்தனை: ஏழு நாள் செட்டில்மென்ட், 10 சதவீத ரோலிங் ரிசர்வ், 90 நாள்.

எட்டாவது நாளில் முதல் நாள் விற்பனைக்கான பணம் வருகிறது. 10,000-ல் கட்டணம் 240 போக, ரிசர்வ் 1,000 போக, கைக்கு வருவது 8,760. சரி, அன்றைய செலவு எவ்வளவு? சரக்கு 5,800, மற்றவை 2,960. கூட்டினால் அதே 8,760.

ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. லாபம் 10 சதவீதம், பிடித்தமும் 10 சதவீதம். அப்படியானால் மூன்று மாதத்துக்கு லாபம் முழுவதும் கேட்வேயிடம்தான் இருக்கும். கணக்குப் புத்தகத்தில் 90 நாளில் 90,000 ரூபாய் சம்பாதித்திருக்கிறார். அந்த 90,000 ரூபாயும் ரிசர்வில் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு இந்த வியாபாரத்திலிருந்து ஒரு பைசா எடுக்க முடியாது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவராக இருந்தால், அந்த மூன்று மாதச் சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் வைத்திருக்க வேண்டும்.

கவனியுங்கள், பிடிப்பது லாபத்தில் 10 சதவீதம் அல்ல, மொத்த விற்பனையில் 10 சதவீதம். 'பத்து சதவீதம்தானே' என்று பலர் கையெழுத்துப் போடுவது இந்த இடத்தைக் கவனிக்காமல்தான். லாபம் 7 சதவீதமாக இருந்திருந்தால் இவர் தினமும் 300 ரூபாய் கையிலிருந்து போட்டிருப்பார், விற்பனை நன்றாக நடக்கும்போதே!

30-வது நாள்தான் கண்டம்

ரிசர்வை எதிர்பார்த்து இருப்பவர்கள்கூட வழுக்கி விழும் இடம் வேறொன்று இருக்கிறது. அது செட்டில்மென்ட் தாமதத்தால் வருவது.

நம் ஈரோட்டுக்காரர் ஒரு மாதச் சரக்கை மொத்தமாக வாங்கி வைக்கிறார். 30 நாளுக்கு 1,74,000 ரூபாய். கடை திறந்த முதல் ஏழு நாள் பணம் எதுவும் வராது, ஆனால் கூரியருக்கும் விளம்பரத்துக்கும் தினமும் 2,960 போய்க்கொண்டே இருக்கும். ஏழு நாளுக்கு 20,720. ஆக, கையில் சுமார் 1,95,000 வைத்துத் தொடங்குகிறார். முதல் வாரம் முடியும்போது கணக்கு காலி. பரவாயில்லை, எட்டாம் நாளிலிருந்து பணம் வரும்.

வருகிறது. தினமும் வரும் 8,760-ல் அன்றாடச் செலவு 2,960 போக 5,800 சேர்கிறது. அதை அடுத்த மாதச் சரக்குக்கு என்று தொடாமல் வைக்கிறார். ஒழுக்கமான மனிதர்தான். 30-வது நாளில் எண்ணிப் பார்த்தால் 23 நாள் பணம் மட்டுமே வந்திருக்கிறது, சேர்ந்திருப்பது 1,33,400. சரக்குக்குத் தேவை 1,74,000. துண்டு விழுவது 40,600.

இந்த 40,600 எங்கேயும் திருடு போகவில்லை. கடைசி ஏழு நாள் விற்ற சரக்கின் விலை அது, கேட்வேயில் வரிசையில் நிற்கிறது. ஆனால் துணிக்கடைக்காரருக்கு அந்த விளக்கம் தேவையில்லை. இவர் கம்மியாகச் சரக்கு எடுப்பார், கையிருப்பு தீர்ந்துபோகும், ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தை நிறுத்துவார். இல்லையென்றால் நகையை அடகு வைப்பார்.

ஆக, இந்தக் கடைக்கு உண்மையில் தேவைப்பட்ட தொடக்கப் பணம் 1,95,000 அல்ல. சுமார் 2,35,000. அதிலும் ஏழு நாள் என்பதைக் காலண்டர் நாளாக எடுத்துக்கொண்டோம். கேட்வேக்கள் பெரும்பாலும் பேங்க் வேலை நாளைத்தான் எண்ணும். நடுவில் ஞாயிறு, இரண்டாவது சனி, பொங்கல் விடுமுறை என்று வந்தால் ஏழு என்பது பத்தைத் தொடும். எனவே கணக்குப் போடும்போது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நாளோடு மூன்று நாள் கூட்டிப் போடுவதுதான் பாதுகாப்பு.

கேஷ் ஆன் டெலிவரி வைத்திருந்தால் இதிலிருந்து தப்பிக்கலாமா என்று கேட்பீர்கள். அதில் ரிசர்வ் இல்லை, உண்மைதான். ஆனால் கூரியர் நிறுவனம் வாடிக்கையாளரிடம் வாங்கிய காசை, டெலிவரி ஆகி ஒரு வாரம் போல கழித்துத்தான் அனுப்பும். பொருளை வாங்காமல் திருப்பி அனுப்புபவர்களும் அதில்தான் அதிகம். ஒரு தாமதத்துக்குப் பதில் இன்னொரு தாமதம், அவ்வளவுதான்.

தீபாவளி வந்தால்?

91-வது நாளிலிருந்து நிலைமை மாறுகிறது. தினமும் 1,000 பிடிக்கிறார்கள், தினமும் பழைய 1,000 விடுவிக்கிறார்கள். இப்போதுதான் லாபம் கையில் தெரியத் தொடங்கும். ரிசர்வில் இருக்கும் 90,000 அப்படியே நிற்கும், ஏறாது, இறங்காது. உங்கள் கடைக்கு இந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஒரே பெருக்கல்தான்: ஒரு நாள் விற்பனை × பிடித்தம் சதவீதம் × நாள்கள். 180 நாள் என்றால் அதே கடைக்கு 1,80,000.

ஆனால் இது விற்பனை ஒரே அளவில் இருக்கும் வரைதான். 91-வது நாளில் தீபாவளி சீசன் தொடங்கி, விற்பனை நாளுக்கு 20,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் 2,000. விடுவிப்பதோ மூன்று மாதத்துக்கு முந்தைய கணக்குப்படி 1,000 மட்டும். லாபம் இரட்டிப்பானது, கைக்கு வருவது பழையபடி 1,000தான். அதோடு சரக்கு இரண்டு மடங்கு வாங்க வேண்டும், ஏழு நாள் வரிசையில் நிற்கும் பணமும் இரண்டு மடங்காகும். ரிசர்வ் இருக்கும் காலத்தில் வேகமான வளர்ச்சி என்பது பணத்தைக் கொண்டுவராது, கேட்கும்.

சீசன் முடிந்த பிறகு தலைகீழ். விற்பனை குறைகிறது, பழைய பெரிய பிடித்தங்கள் விடுதலையாகி வருகின்றன. ஜனவரி, பிப்ரவரியில் கணக்கில் திடீரென்று பணம் தெரியும். அது புது வருமானம் அல்ல, போன தீபாவளி லாபம். இதை மறந்து செலவு செய்பவர்களும் உண்டு.

அந்த நேரத்தில்தான் இன்னொரு விஷயமும் நடக்கும். சீசனில் விற்றதற்கான ரிட்டர்ன்கள் வரத் தொடங்கும். ரீஃபண்ட் பணத்தை கேட்வே பொதுவாக ரிசர்விலிருந்து எடுக்காது, உங்களுடைய அன்றைய செட்டில்மென்டிலிருந்தே கழிக்கும். ரிசர்வ் என்பது கடைசிக் கட்டப் பாதுகாப்பு. எனவே 'ரிசர்வில்தான் 90,000 இருக்கிறதே, ரீஃபண்ட் அதில் போகட்டும்' என்று நினைத்தால் ஏமாற்றம்தான். விற்பனை குறைந்து ரீஃபண்ட் கூடும் வாரத்தில் செட்டில்மென்ட் பூஜ்யமாகலாம், மைனஸிலும் போகலாம்.

ஆர்பிஐ என்ன சொல்கிறது?

வாடிக்கையாளர் கட்டிய பணத்தை பேமென்ட் நிறுவனங்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட பேமென்ட் அக்ரிகேட்டர் வழிகாட்டுதல்படி, அது ஷெட்யூல்டு கமர்ஷியல் பேங்கில் தனி எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும். எப்போது கடைக்காரருக்குப் போக வேண்டும் என்றும் அதில் இருந்தது. டெலிவரி பொறுப்பு கடைக்காரருடையது என்றால், டெலிவரி உறுதியான மறுநாளுக்குள். ஆனால் ஒரு முக்கியமான விதிவிலக்கும் இருந்தது: ரீஃபண்ட் காலம் முடியும்வரை பணத்தை வைத்திருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அது முடிந்த மறுநாள் வரை. 2025 செப்டம்பரில் இந்தத் துறைக்கான விதிகளை ஒருங்கிணைத்து ஆர்பிஐ புதிதாக வெளியிட்டது.

கடைக்காரருக்கு இதில் புரிய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் 'ஐ அக்ரீ' கொடுத்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ, அதற்குத்தான் எடை அதிகம். அந்த நீண்ட ஆங்கில ஆவணத்தில் reserve, hold, withhold, security deposit என்ற நான்கு சொற்களைத் தேடிப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பல ஒப்பந்தங்களில், ரிஸ்க் கூடியதாக நிறுவனம் கருதினால் எந்த நேரமும் பிடித்தத்தைத் தொடங்கலாம் அல்லது உயர்த்தலாம் என்று ஒரு வரி இருக்கும். தொடக்கத்தில் ரிசர்வ் இல்லை என்பதால் எப்போதுமே இல்லை என்று அர்த்தமில்லை.

எதைக் கேட்க வேண்டும்?

கேட்வேயின் சேல்ஸ் ஆள், கட்டணம் 2 சதவீதமா 1.9 சதவீதமா என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். ரிசர்வ் பற்றி நீங்கள் கேட்டால்தான் பேசுவார். நம் உதாரணக் கடைக்கு அந்த 0.1 சதவீதம் என்பது நாளைக்குப் பத்து ரூபாய். ரிசர்வ் என்பது 90,000 ரூபாய். எதில் பேரம் பேச வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

எத்தனை சதவீதம், எத்தனை நாள் என்பதோடு, பிடித்தம் யுபிஐக்கும் கார்டுக்கும் ஒரே மாதிரியா என்று கேளுங்கள். ரிசர்வுக்கு உச்சவரம்பு வைக்க முடியுமா என்று கேளுங்கள். உதாரணமாக 50,000 சேர்ந்ததும் பிடிப்பதை நிறுத்துவது. உருண்டுகொண்டே போகும் ரிசர்வைவிட இது வளரும் கடைக்கு ரொம்ப நல்லது. எப்போது மறுபரிசீலனை செய்வார்கள் என்பதையும், கணக்கை மூடினால் மீதிப் பணம் எத்தனை நாளில் வரும் என்பதையும் மெயிலில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்னது பிறகு எடுபடாது.

பேரம் பேச உங்களிடம் இருக்கும் சரக்கு, ஆவணங்கள்தான். கூரியரின் டெலிவரி சான்று, சப்ளையர் பில்கள், ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஏற்கெனவே வேறு தளத்தில் விற்றிருந்தால் அந்த வரலாறு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட். மூன்று மாதம் முடிந்ததும் 'இத்தனை ஆர்டர், இத்தனை ரீஃபண்ட், இத்தனை சார்ஜ்பேக்' என்று ஒரு பக்கத்தில் எழுதி, பிடித்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். தானாகக் குறையும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

பிடித்தம் திடீரென்று கூடுவதற்கும் அடையாளங்கள் உண்டு. வழக்கமாக நாளுக்குப் பத்தாயிரம் விற்கும் கடை, ஒரு இன்ஃப்ளூயன்ஸர் வீடியோவால் ஒரே நாளில் ஒன்றரை லட்சம் விற்றால் உங்களுக்குக் கொண்டாட்டம். கேட்வேயின் கணினிக்கு அது எச்சரிக்கை மணி. செட்டில்மென்ட் நிறுத்தி வைக்கப்படலாம். பெரிய ஆஃபர் போடும் முன்பே சப்போர்ட்டுக்கு ஒரு மெயில் போட்டு, எத்தனை ஆர்டர் எதிர்பார்க்கிறீர்கள், சரக்கு கையில் இருக்கிறதா என்று சொல்லிவிடுவது நல்லது. சார்ஜ்பேக் எண்ணிக்கை மொத்தப் பரிவர்த்தனையில் ஒரு சதவீதத்தை நெருங்கினாலும் ஆபத்துதான். இதில் ஒரு அற்பமான காரணம் அடிக்கடி மாட்டும்: வாடிக்கையாளரின் கார்டு ஸ்டேட்மென்டில் உங்கள் பிராண்டு பெயருக்குப் பதில், அவருக்குத் தெரியாத உங்கள் நிறுவனப் பதிவுப் பெயர் வரும். 'இதை நான் வாங்கவே இல்லையே' என்று புகார் போட்டுவிடுவார். அந்தப் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

கையில் ஒரு ஷீட் போதும்

கணக்குப் போட ஆடிட்டர் தேவையில்லை. மொபைலில் இருக்கும் கூகுள் ஷீட்ஸ் போதும். A-யில் விற்ற தேதி, B-யில் அன்றைய விற்பனை. அடுத்த நான்கு கட்டங்களில் பணம் வரும் தேதி, வரும் தொகை, ரிசர்வ் விடுதலையாகும் தேதி, அந்தத் தொகை. இரண்டாவது வரிசையில் இப்படி:

```
C2: =A2+10
D2: =B2*(1-2.4%-10%)
E2: =A2+90
F2: =B2*10%
```

ஏழுக்குப் பதில் பத்து போட்டிருப்பது விடுமுறைகளுக்காக. இதைக் கீழே இழுத்துவிட்டு, பக்கத்தில் சப்ளையருக்கும் கூரியருக்கும் விளம்பரத்துக்கும் எந்தத் தேதியில் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதினால், எந்த வாரத்தில் துண்டு விழும் என்று முன்கூட்டியே தெரியும். விற்பனையை எதிர்பார்ப்பதைவிடப் பாதியாகவும், இரண்டு மடங்காகவும் போட்டு இரண்டு முறை பாருங்கள். இரண்டு மடங்கில்தான் பெரிய துண்டு தெரியும் என்பது முதல் முறை பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

துண்டு தெரிந்தால் அதை எங்கே அடைப்பது? மலிவான இடம் சப்ளையர்தான். நம் உதாரணத்தில் ஒரு மாதச் சரக்கை மொத்தமாக எடுக்காமல் பத்து நாளுக்கு ஒருமுறை எடுத்தாலே 1,74,000 முடங்குவது 58,000 ஆகக் குறையும். விலை கொஞ்சம் கூடலாம், கூரியர் செலவும் கூடலாம். ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு அது தாங்கக்கூடியதுதான். துணிக்கடைக்காரரிடம் 15 நாள் கடன் கேட்பதாக இருந்தால், தொடங்கும்போதே கேளுங்கள். 30-வது நாளில் போய் நின்று கேட்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

'இன்ஸ்டன்ட் செட்டில்மென்ட்' என்று கேட்வேக்கள் கொடுக்கும் வசதியை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் முன்னதாகப் பணம் தர 0.3 சதவீதம் கட்டணம் என்றால் சின்னதாகத் தெரியும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கிட்டத்தட்ட 55 சதவீத வட்டி. தினமும் பயன்படுத்தினால் பத்து சதவீத லாபத்தில் அது ஒரு ஓட்டை. தவிர, ரிசர்வில் இருக்கும் புதுக் கடைகளுக்கு இந்த வசதியே பெரும்பாலும் திறக்காது.

பழகிய வாடிக்கையாளர்கள், மொத்தமாக வாங்கும் பொட்டிக் கடைகள் போன்றவர்களிடம் கேட்வே வழியாக அல்லாமல் கரன்ட் அக்கவுன்ட்டின் யுபிஐ கியூஆரிலோ பேங்க் டிரான்ஸ்ஃபரிலோ வாங்கலாம். அந்தப் பணத்துக்கு கேட்வேயின் ரிசர்வ் இல்லை. முன்பின் தெரியாத வாடிக்கையாளர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. ஏமாற்றுக்காரர்களும் இதே வழியைத்தான் கேட்கிறார்கள்.

கடைசியாக வரி. கேட்வே பிடித்து வைத்திருந்தாலும் ஜிஎஸ்டி கணக்கில் அது முழு விற்பனைதான். பில் போட்ட மாதத்துக்கான வரியை, மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். 'இன்னும் பணம் வரவில்லை' என்ற காரணம் அங்கே செல்லாது. 5 சதவீத வரியில் இருக்கும் ஆடைகளுக்கு விளம்பரம், கூரியரில் கட்டிய வரி வரவாகக் கிடைப்பதால் பெரிய சுமை தெரியாது. 18 சதவீதப் பொருள் விற்பவர்கள் இதை ஷீட்டில் தனி வரியாகப் போட்டே ஆக வேண்டும். வருமான வரிக் கணக்கிலும், மார்ச் 31 அன்று ரிசர்வில் இருக்கும் தொகை 'வர வேண்டிய பாக்கி'யாகக் காட்டப்பட வேண்டும். பேங்கில் வந்ததை மட்டும் விற்பனை என்று எழுதினால், கேட்வே தரும் ஆண்டு அறிக்கையோடு அது ஒத்துப்போகாது.